பிளவுஸைத் தையுங்கள், பையனின் சட்டையைக் கடையில் எடுங்கள்

கேள்வி: எங்க ஊரு கோபி பக்கமுங்க. டெய்லருகிட்ட லைனிங் பிளவுஸ் தைக்க 450 ரூபா, முழுக்கைச் சட்டைக்கு 380 ரூபா கூலி கேக்கறாங்க. ஈரோட்டுக் கடையில ரெடிமேட் லைனிங் பிளவுஸே 550தான். காட்டன் முழுக்கைச் சட்டை தள்ளுபடி போக 899. சட்டைத் துணி மீட்டர் 280 ஆகுது. துணியும் எடுத்து, கூலியும் குடுத்து, ரெண்டு நடை நடக்கறதுக்கு எல்லாத்தையும் ரெடிமேடா எடுத்துக்கலாம்னு பையன் சொல்றான். அவனுக்கு 39 சைஸ் கச்சிதமா இருக்குது. வீட்டுக்காரருக்குக் கழுத்துக்கு 40 சைஸ் சரி, வயித்துக்கு 44 கேக்குது. எது லாபமுங்க?

பதில்:

உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. உங்களுக்குத் தைப்பது லாபம், வீட்டுக்காரருக்கும் தைப்பதுதான் லாபம், பையன் சொல்வது அவனுக்கு மட்டும் சரி. ஏன் என்பதைப் பிளவுஸிலிருந்தே பார்த்துவிடலாம்.

சேலையோடு வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் இருக்கும். அதற்குச் சேலை வாங்கும்போதே காசு கொடுத்துவிட்டீர்கள். எனவே தைக்கும்போது புதிதாகச் செலவாவது கூலியும் லைனிங்கும்தான். நல்ல காட்டன் லைனிங் மீட்டர் 80 ரூபாய் என்று வைத்தால், 450ஐயும் சேர்த்து 530. கொக்கியும் நூலும் வழக்கமாகக் கூலிக்குள்ளேயே அடங்கும், ஆனால் பைப்பிங், கழுத்து மாடல், முதுகு நாடா இவற்றுக்கெல்லாம் தனித்தனியாகக் கூட்டுகிற டெய்லர்களும் உண்டு. 450 எதற்கு எதற்கெல்லாம் என்பதைத் துணி கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கடையில் 550 என்று தொங்கும் பிளவுஸ் உங்கள் உடம்புக்கு அப்படியே பொருந்துவது அபூர்வம். சட்டைக்கு நாலு விரல் தளர்வு இருந்தால் ஒன்றும் தெரியாது, பிளவுஸுக்கு அரை அங்குலம் கூடினாலே கைக்குழியில் சுருங்கி நிற்கும். மார்பு சரியாக இருந்தால் கை பிடிக்கும், கை சரியாக இருந்தால் தோள் இறங்கும். பக்கத் தையலைப் பிடித்துக் கொடுக்க 80 ரூபாய் ஆனால் 630. இதோடு சேலைத் துண்டு பீரோவிலேயே மடிந்து கிடக்கும். ஆக முதல் நாள் கணக்கிலேயே தைப்பது நூறு ரூபாய் குறைவு. ஆனால் பெரிய வித்தியாசம் அதில் இல்லை. இரண்டாவது மூன்றாவது வருஷத்தில்தான் இருக்கிறது.

பிளவுஸைத் திருப்பிப் போட்டு அக்குளுக்குக் கீழே உள்ள பக்கத் தையலைப் பாருங்கள். நல்ல டெய்லர் தையலுக்கு வெளியே ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் துணி விட்டிருப்பார், கால் அங்குல இடைவெளியில் இரண்டு மூன்று வரித் தையலும் ஓட்டியிருப்பார். உடம்பு கூடும்போது உள்வரித் தையலைப் பிரித்தால் அடுத்த வரி தாங்கிக்கொள்ளும். ஒரு பக்கத்தில் முன் துணி, பின் துணி என்று இரண்டு. இரண்டு பக்கமும் சேர்ந்தால் நாலு. ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் விடுபட்டால் சுற்றளவில் ஒரு முழு அங்குலம் கிடைக்கும். இரண்டு வரி பிரித்தால் இரண்டு அங்குலம். இன்று 36 மார்புக்குத் தைத்த பட்டு பிளவுஸ் 38க்கும் போகும், இன்னொரு வரி இருந்தால் 39க்கும் போகும். வீட்டிலேயே கத்தரிக்கோல் நுனியால் பிரித்துவிடலாம், செலவே இல்லை. அக்குளைத் தாண்டிக் கையின் அடித்தையலிலும் அதே அளவு துணி விட்டிருந்தால்தான் இது நடக்கும். பக்கத்தில் விட்டுவிட்டுக் கையில் ஒட்ட வெட்டிவிட்டால், பிரித்த பிறகு மார்பு தளரும், கை மட்டும் பிடிக்கும். துணி கொடுக்கும்போதே "கையிலும் உள்ளே துணி விடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது இதற்காகத்தான்.

ரெடிமேடில் பல பிளவுஸ்களுக்கு அரை அங்குலம்தான் விட்டிருப்பார்கள். ஓவர்லாக் மெஷின் துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே அடிப்பதால் அதற்கு வெளியே எதுவும் மிஞ்சாது. பிரித்தாலும் சுற்றளவில் ஒரு அங்குலத்துக்கு மேல் எடுக்க முடியாது, அப்படி எடுத்தால் தையல் ஓரத்துக்கே போய்விடும், ஒரு நாள் கையைத் தூக்கும்போது பிய்ந்துகொள்ளும். விதிவிலக்கும் உண்டு. 38 என்று சீட்டு ஒட்டி, 42 வரை பிரித்துக்கொள்ளலாம் என்று விற்கிற பிளவுஸ்கள் இப்போது நிறைய வருகின்றன. கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், பக்கத்தைத் திருப்பி விரலால் அளந்து பாருங்கள். 38லிருந்து 42 போக ஒவ்வொரு துணியிலும் ஒரு அங்குலம் வேண்டும், அதற்கு வெளியே தையல் நிற்க இன்னும் அரை அங்குலமாவது வேண்டும்.

அடுத்தது லைனிங். தைத்த பிளவுஸ் கெட்டுப்போவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். பாப்ளின் மாதிரி சாதாக் காட்டன் லைனிங் முதல் அலசலிலேயே சுருங்கும். நூற்றுக்கு நாலு சுருங்குகிற துணி என்றால் 36 அங்குலச் சுற்றளவில் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் போய்விடும். மேலே இருக்கும் பட்டோ பாலியெஸ்டரோ அவ்வளவு சுருங்காது. அதனால் உள்ளே லைனிங் இழுக்க, வெளியே துணி அலையலையாக எழும்பி நிற்கும். தேய்த்தாலும் போகாது. டெய்லர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போவோம், அளவு சரியாகத்தான் இருந்திருக்கும். லைனிங்கை நீங்களே வாங்கி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, தேய்த்துக் கொடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் எந்த டெய்லரும் இதைச் செய்துகொண்டிருக்க மாட்டார்.

லைனிங் எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். மென்பட்டு, டிஷ்யூ மாதிரித் துணிகளில் தையல் அறுவதைவிட, தையலை ஒட்டி இழை விலகுவதுதான் அதிகம். இறுக்கமாகப் போடப்போட முதுகுப் பக்கம் கைக்குழி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிய ஆரம்பிக்கும். லைனிங் கெட்டியாக இருந்து, வெளித்துணியை விட ஒரு நூல் குறைவான தளர்வில் பிடித்திருந்தால் இழுவையை அது வாங்கிக்கொள்ளும். மலிவான ரெடிமேடில் லைனிங் சல்லடை மாதிரியோ வழுவழு பாலியெஸ்டராகவோ இருக்கும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நோம்பிக்குப் போய் வந்தாலே தெரிந்துவிடும். 450 ரூபாய்த் தையலோடு ஒப்பிட வேண்டியது காட்டன் லைனிங் போட்ட ரெடிமேடை மட்டும்தான்.

பிளவுஸை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று. பக்கத் தையலில் டேப்பை வைத்து ஒரு அங்குலத்துக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பத்திலிருந்து பன்னிரண்டு இருந்தால் நன்று. ஏழெட்டுதான் இருக்கிறது என்றால் சீக்கிரம் முடிப்பதற்காக நீளத் தையல் வைத்து ஓட்டியிருக்கிறார்கள், இழுபடும் இடத்தில் வாய் பிளக்கும். ரெடிமேடுக்கும் இதே கணக்கு.

பட்டுத் துணியை எடுத்த எடுப்பிலேயே புது டெய்லரிடம் கொடுக்காதீர்கள். ரெடிமேடில் போட்டுப் பார்த்து வாங்கலாம், தைப்பதில் வருவதை வாங்க வேண்டும். அந்த ஆபத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. முதலில் ஒரு ரூபியா துணியைக் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். அதைப் போட்டு, கையைத் தூக்கி, குனிந்து பார்த்துவிட்டு, எது சரி, எது சரியில்லை என்று சொல்லி, அதற்கப்புறம் பட்டுத் துணியைக் கொடுங்கள். அளவு பிளவுஸ் கொடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாலு வருஷம் போட்டுத் தளர்ந்ததைக் கொடுத்தால் அந்தத் தளர்வும் சேர்ந்தேதான் வரும். "கழுத்து இதே இருக்கட்டும், கையில கால் அங்குலம் விடுங்க, உயரம் அரை அங்குலம் கூட்டுங்க" என்று சொல்லி, அதை ஒரு சீட்டில் எழுதி பிளவுஸோடு ஊசி குத்திக் கொடுப்பது நல்லது.

ரெடிமேட் பிளவுஸே கூடாது என்று சொல்லவில்லை. கருப்பு, மெரூன், தங்க நிறம் என்று பத்துச் சேலைக்குப் போகிற ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதும், இழுபடுகிற துணியில் வரும் பிளவுஸைத் தினசரிக்கு வைத்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடு. இழுபடுகிறதற்குப் பிளீச்சிங் தண்ணீரும் கொதிக்கிற இஸ்திரியும் ஆகாது, உள்ளே இருக்கும் ரப்பர் இழை செத்துவிடும்.

இனி சட்டை. இங்கே கதை மாறுகிறது, ஏனென்றால் துணிக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். 58 அங்குல அகலத் துணியில் 39 சைஸ் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் ஆகும். மீட்டர் 280 வீதம் 448. கூலி 380. ஆகமொத்தம் 828. கடையில் 899. பையனின் சட்டைக்கு வித்தியாசம் 71 ரூபாய்தான். பஸ் செலவையும் இரண்டு நடையையும் சேர்த்தால் அதுவும் மிஞ்சாது. அவனுக்குச் சைஸ் பொருந்துகிறது என்கிறீர்கள், எனவே அவனுக்குத் தைக்க ஒரு காரணமும் இல்லை. டீ-சர்ட் பக்கம் போகவே வேண்டாம். அது பின்னலாடை, அதை அடிக்கும் மெஷின் வேறு, நம் ஊர் டெய்லர் கடையில் இருக்காது. திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு அதைத் தைக்கக் கொடுக்கிறவர்களும் இல்லை.

மீட்டர் விலையை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். 36 அங்குல அகலத்தில் மீட்டர் 180க்கு ஒரு துணி கிடைக்கும், 280ஐ விட நூறு ரூபாய் மலிவாகத் தெரியும். ஆனால் அந்த அகலத்தில் முழுக்கைக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். கணக்குப் போட்டால் 450. அகலத் துணி 448. ஒன்றுதான். கட்பீஸ் வாங்கும்போது முதலில் அகலத்தைக் கேளுங்கள், பிறகு விலையைக் கேளுங்கள். காட்டன் என்றால் பத்து சென்டிமீட்டர் கூட வாங்கி, வெட்டுவதற்கு முன் ஊறவைத்துவிட வேண்டும், லைனிங்குக்குச் சொன்ன அதே காரணம்தான்.

சட்டையில் ஒரு விஷயத்தில் ஃபேக்டரி நம் டெய்லரை விட ஒரு படி மேல். காலருக்குள் ஒட்டும் கேன்வாஸை அங்கே சூடும் அழுத்தமும் ஒரே சீராக இருக்கும் மெஷினில் ஒட்டுகிறார்கள். டெய்லர் கை இஸ்திரியால் ஒட்டுகிறார், ஓரிடத்தில் சூடு கூடும், ஓரிடத்தில் குறையும். ஒட்டாத இடம் நாலு துவையலில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். தைக்கக் கொடுத்தால் ஒட்டும் கேன்வாஸா, தையலில் பிடிக்கும் கேன்வாஸா என்று கேளுங்கள். இரண்டாவது கொஞ்சம் மொறமொறவென்று இருக்கும், கொப்புளம் வராது. கடையில் எடுப்பதாக இருந்தால் காலரை இரண்டு விரலால் கிள்ளி, மேல் துணியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். கையோடு பிரிந்து வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

899 சட்டை உண்மையில் காட்டன்தானா என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளே இடுப்புத் தையலில் தொங்கும் சின்னச் சீட்டில் எழுதியிருக்கும். "நூறு சதவீதம் காட்டன்" வேறு, "காட்டன் ரிச்" வேறு. பின்னதில் பாலியெஸ்டர் கலந்திருக்கும். அதை 280 ரூபாய்க் காட்டன் துணியோடு ஒப்பிடுவது சரியாகாது, கலப்புத் துணி மீட்டர் விலை குறைவு. அதோடு வைத்துக் கணக்குப் போட்டால் தைப்பது இன்னும் கீழே வரும். ரெடிமேடில் புதிதாக இருக்கும்போது துணி கெட்டியாகத் தெரிந்தால், மடிப்பின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் அது கஞ்சியின் கெட்டி, ஒரு அலசலில் போய்விடும்.

வரியைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. 2025 செப்டம்பர் 22லிருந்து 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், துணிக்கும் அதே 5தான். உங்கள் கணக்கில் அது எதையும் மாற்றாது.

வீட்டுக்காரருக்கு வருவோம். சட்டையில் 40 என்று போடுவது கழுத்தின் சென்டிமீட்டர், அதாவது 15¾ அங்குலம். 44 சைஸ் எடுத்தால் கழுத்து 17¼ அங்குலம் ஆகிவிடும். ஒன்றரை அங்குலம் கூடுதல், மேல் பட்டனைப் போட்டாலும் காலர் கழுத்தில் உட்காராது. தோளும் வெளியே இறங்கும், கையும் நீளும். இதைச் சரிபண்ணக் கொடுத்தால் டெய்லர் கையை முழுக்கக் கழற்றி, தோளைக் குறைத்து, கைக்குழியைத் திரும்ப வெட்டி, கையை மறுபடி ஏற்ற வேண்டும். பாதிச் சட்டையைத் தைக்கிற வேலை அது, 200 ரூபாய் கேட்டாலும் தப்பில்லை. அப்படியும் காலரைத் தொட முடியாது. 899ம் 200ம் 1,099, காலர் இன்னும் தளதளவென்றுதான். தைத்தால் அவர் உடம்புக்கு 1.80 மீட்டர் வேண்டும், 504 ரூபாய். கூலியோடு 884. இங்கே ரெடிமேடுக்கு வழியே இல்லை.

ஆனால் வயிறு உள்ளவருக்குச் சட்டை வெட்டுவது எல்லாருக்கும் கைவராது. சும்மா சுற்றிலும் தாராளமாக வைத்தால் முதுகில் பை மாதிரித் தொங்கும். வயிறு இருப்பது முன்பக்கம், கூடுதல் அகலத்தின் பெரும்பகுதி முன் துணிக்குத்தான் போக வேண்டும். முன் நீளத்திலும் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை கூட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு தூக்கி முன்பக்கம் குட்டையாகத் தெரியும். அளவு எடுக்கும்போது அவரை ஒரு முறை உட்காரச் சொல்லுங்கள். நிற்கும்போது உள்ள சுற்றளவுக்கும் உட்காரும்போது உள்ளதற்கும் இரண்டு அங்குலம்கூட வித்தியாசம் வரும். நின்றபடி மட்டும் எடுத்த அளவில் தைத்தால், பந்தியில் உட்கார்ந்தவுடன் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே வாய் திறக்கும். முதல் சட்டையை எடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போய், அங்கேயே நாற்காலியில் உட்காரவைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் அந்த அளவைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த மூன்று சட்டைகளை ஒன்றாகக் கொடுக்கலாம். ஒரே துணியில் இரண்டு சட்டை என்றால் ஒன்றோடு ஒன்றை அடுக்கி வெட்டுவதில் கொஞ்சம் துணி மிஞ்சும், எவ்வளவு எடுக்கலாம் என்று வெட்டுகிறவரிடமே கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நேரமும் ஒரு செலவுதான். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம், தை முகூர்த்தம், வைகாசி முகூர்த்தம் இந்தச் சமயங்களில் கூலியும் ஏறும், கொடுத்த தேதியும் தள்ளும், வேலை வேறு கைகளுக்கும் போகும். நீங்கள் அளவு கொடுத்தது ஒருவரிடம், தைப்பது பீஸ் கணக்கில் வாங்கிப்போகும் இன்னொருவராக இருக்கும். ஆடியில் நம் பக்கம் முகூர்த்தம் இல்லை, டெய்லர் கை ஓய்வாக இருக்கும், துணிக்கடையிலும் தள்ளுபடி ஓடும். வருஷத்து பிளவுஸையும் வீட்டுக்காரர் சட்டையையும் அப்போதே கொடுத்துவிட்டால் மறுபடி பிரித்துச் சரிசெய்யச் சொல்லக்கூட இடம் இருக்கும். பையனின் சட்டையையும் அதே தள்ளுபடியில் எடுத்துவிடுங்கள், சீட்டைப் பார்த்து.